புதிய விநியோகஸ்தரும் முதல் மூன்று மாதமும்

(தென்காசி மாவட்டம் வடகரையில் கூடிய உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்கள் பகுதியில் உழவர்கள் ஒன்று சேர்ந்து அமைக்கும் உற்பத்தியாளர் நிறுவனம், உர விற்பனைக்கு விநியோக உரிமை எடுத்துக்கொண்டால், அதன் விற்பனைக் குழுவை எவ்வாறு பயிற்றுவது, முதல் மூன்று மாதத்துக்கு எவ்வளவு விற்பனையை இலக்காக வைப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். விற்பனை என்பது வியாபாரிகளின் காரியம், உழவர் கூட்டத்தில் அதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் உழவர்களே. வேலைக்கு வரப்போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். பொருள் போய்ச் சேர வேண்டிய இடம் உங்கள் வயல். ஆகவே இந்தக் கணக்கு தவறினால் மூன்று வகையிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் பல ஆண்டுகள் உர விற்பனையில் ஊர் ஊராக அலைந்தவன். அதில் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் சேர்ந்து முதல் காலாண்டு முடிய ஒரு வாரமே இருந்தது. எனக்கு விதித்த இலக்கில் பாதிகூட எட்டவில்லை. ஆற்றோரத்துக் கிராமம் ஒன்றில் கடைக்காரரிடம் போய், “அண்ணாச்சி, இந்தத் தடவை மட்டும் 20 மூட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கெஞ்சினேன். அவரும் இரக்கப்பட்டு இறக்கிக்கொண்டார். இவ்வாறே பத்துக் கடைகளில் இறக்கினேன். கம்பெனியின் புத்தகத்தில் இலக்கு நிறைவேறிவிட்டது. எனக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரு மூட்டைகூட வயலுக்குப் போகவில்லை. நடவு முன்பே முடிந்திருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் மூட்டைகள் கல்லாய் இறுகின. அடுத்த காலாண்டில் அவை அத்தனையும் திரும்பி வந்தன. அதன் பின் அந்தக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவும் விரும்பவில்லை.

அந்த அநுபவத்திலிருந்து நான் கற்றதுதான் இன்றைய உரையின் சாரம். கடையில் இறங்கிய மூட்டை விற்பனை ஆகாது. வயலில் விழுந்த மூட்டையே விற்பனை. இலக்கையும் பயிற்சியையும் இந்த ஒரு விதியைக் கொண்டே அமைக்க வேண்டும்.

அரசாங்கமே இந்த விதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மானிய உரங்களுக்குரிய தொகை முன்னர், உரம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்ததைக் கணக்கிட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு சில மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2018 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் முறை மாறியது. இப்போது கடையிலுள்ள விற்பனைக் கருவியில் உழவர் பெயரில் பதிவான பிறகே மானியம் போகிறது. கோடிக்கணக்கான மூட்டைகளுக்குப் பொருந்தும் விதி, நம் சிறு நிறுவனத்தின் சில நூறு பைகளுக்கும் பொருந்தும்.

எந்தப் பொருளுக்கு இலக்கு?

முதலில் ஓர் எச்சரிக்கை. யூரியாவுக்கு விற்பனை இலக்கு வைக்கக் கூடாது. அது தானே விற்கும் பொருள். அதைக் கூடுதலாக விற்கும்படி ஓர் இளைஞனைத் தூண்டினால் பயிர் மிதமிஞ்சிப் பசுமை கட்டும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், கதிர் சாயும். “யூரியா வேண்டுமானால் இந்தப் பொட்டலத்தையும் வாங்கு” என்று வேறு சரக்கைச் சேர்த்துக் கட்டுவது அதைவிடக் கேடானது. அரசு தடை செய்த செயலுமாகும். இலக்கு என்னும் அழுத்தம் தவறான இடத்தில் விழும்போதுதான் இத்தகைய குறுக்கு வழிகள் பிறக்கின்றன.

ஆகவே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். அது துத்தநாக சல்பேட்; கடையில் ‘ஜிங்க்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நெல் வயலில் இதன் குறை பரவலாகக் காணப்படுவது. எல்லா வயலுக்கும் இது தேவையில்லை. தேவைப்படும் வயலுக்குத் துத்தநாகத்தைத் தவிர வேறு மருந்தில்லை. எனவே விற்பவனுக்கு அறிவு இருந்தால் உழவருக்கு நன்மை. அறிவு இல்லாவிட்டால் வீண் செலவு. புதிய குழுவைப் பழக்குவதற்கு இதைவிட ஏற்ற பொருள் இல்லை.

பன்னிரண்டு நாள் பயிற்சி

குழுவில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கார் சாகுபடிக்கு முன்னதாக, மே மாதத்தில் இவர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு பைகூட விற்கச் சொல்லக் கூடாது.

முதல் மூன்று நாள், பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் பயிற்சி. இது எளிது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். துத்தநாக சல்பேட் இரண்டு வகையாக வருகிறது. ஒன்றில் துத்தநாகச் சத்து நூற்றுக்கு 21 பங்கு. மற்றொன்றில் 33 பங்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ என்று சிபாரிசு செய்வது 21 பங்கு உள்ள வகைக்கு. பத்துக் கிலோவில் இருப்பது 2.1 கிலோ துத்தநாகம். அதே சத்து 33 பங்கு வகையில் ஏறக்குறைய 6.4 கிலோவிலேயே கிடைத்துவிடும். பையைப் படிக்காதவன் இதற்கும் “ஏக்கருக்குப் பத்துக் கிலோ” என்றே சொல்லுவான். உழவர் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வீணாக வாங்குவார். பையில் சத்தின் அளவு, நிகர எடை, உயர்ந்தபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர், தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பதையும் இந்த மூன்று நாளில் பழக்க வேண்டும்.

நான்காம் நாள் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். இதற்கு இரண்டு கண்ணாடித் தம்ளர்களும் நல்ல தண்ணீரும் போதும். மக்னீசியம் சல்பேட் என்னும் விலை குறைந்த உப்பு, பார்வைக்குத் துத்தநாக சல்பேட்டைப் போலவே வெண்படிகமாக இருக்கும். கலப்படம் செய்வோர் அதையே நாடுகிறார்கள். ஒரு தம்ளரில் டி.ஏ.பி. உரத்தைக் கரைத்துத் தெளிய வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றில் சந்தேகப்படும் ஜிங்கைக் கரையுங்கள். தெளிந்த நீர்கள் இரண்டையும் சேர்த்தால், உண்மையான துத்தநாக சல்பேட்டானால் திரிந்த பால்போல் கட்டியான மண்டி உண்டாகும். மக்னீசியம் சல்பேட்டானால் அத்தகைய மண்டி தோன்றாது. இது கடையிலும் களத்துமேட்டிலும் செய்யக்கூடிய முதற் சோதனை. சந்தேகம் உறுதிப்பட்டால் வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளர் மாதிரி எடுத்து ஆய்வுக் கூடத்துக்கு அனுப்புவார். அதன் முடிவே சட்டப்படி செல்லும்.

இதே தம்ளர் இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. டி.ஏ.பி.யும் ஜிங்கும் சேர்ந்தபோது தோன்றிய அந்த மண்டி எளிதில் கரையாத பொருள். பயிர் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கலந்து வயலில் வீசக் கூடாது. ஜிங்கை ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, தொழி உழவு முடிந்து சமன் செய்த பின், நடவுக்குச் சற்று முன்பு தனியாகத் தூவ வேண்டும். “கலக்காதே” என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும் அந்தத் தம்ளரை ஒரு முறை காட்டுவது மேல். நான்கு இளைஞர்களும் இதைத் தம் கையால் செய்து பழக வேண்டும்.

ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை, குறையை அடையாளம் காணும் பயிற்சி. அம்பாசமுத்திரத்தில் 1937-ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பலரும் அறிந்த அம்பை 16 நெல் பிறந்த இடம் அதுவே. அங்குள்ள நிபுணர்களையோ, வட்டார வேளாண்மை அலுவலரையோ அழைத்து, வயலில் நின்று கற்பிக்கச் செய்வது சிறந்தது. மே மாதத்தில் குறை தெரியும் பயிர் கிடைக்காவிட்டால் படங்களைக் கொண்டு கற்பித்து, ஜூலையில் வயலில் ஒரு முறை மீண்டும் காட்ட வேண்டும்.

துத்தநாகக் குறை, நடவு செய்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரியும். இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். பயிர் குட்டையாகும். வயல் முழுவதும் ஒரே சீராக இராமல் திட்டுத் திட்டாக இருக்கும். தண்ணீர் வடியாமல் நிற்கும் இடத்தில் மிகுதியாக இருக்கும். தழைச்சத்துக் குறை இப்படி இராது. அதில் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகும். துருப் புள்ளிகள் இரா. துங்ரோ நோயிலோ இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பயிரைத் தட்டினால் பச்சைத் தத்துப்பூச்சி பறக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியாதவன் தழைச்சத்துக் குறைக்கு ஜிங்க் விற்பான். உழவர் பணம் கொடுத்துப் பத்து நாள் காத்திருந்து பயனில்லாமல், பின்னர் ஜிங்கையே நம்பாமல் போவார்.

நட்ட பின் குறை தெரிந்தால் பரிகாரம் வேறு. அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். குறி மறையும் வரை 15 நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் ஒரு முறைக்கு ஒரு கிலோ ஜிங்க் போதும். இந்த நிலையில் பத்துக் கிலோப் பையை விற்பவன் உழவரை ஏமாற்றுகிறான் என்றே சொல்ல வேண்டும்.

ஒன்பதாம், பத்தாம் நாட்களில், அநுபவமுள்ள ஒருவருடன் இளைஞர்கள் சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும். பேச வேண்டாம், கேட்டால் போதும். பதினோராம் நாள் ரசீது, இருப்புப் புத்தகம், கடன் புத்தகம் ஆகியவற்றைப் பழக வேண்டும். பன்னிரண்டாம் நாள் தேர்வு. அதைக் காகிதத்தில் நடத்த வேண்டாம். மூத்த உழவர் ஒருவரை உட்கார வைத்து, அவர் முன் இளைஞன் நிற்கட்டும். “தம்பி, எனக்கு இரண்டு ஏக்கர். போன வருஷம்தான் ஜிங்க் போட்டேன். இந்த வருஷமும் வேண்டுமா?” என்று அவர் கேட்கட்டும். “கட்டாயம் வேண்டும், ஐயா” என்று உடனே சொல்பவன் தேறவில்லை. அடியுரமாக இட்ட துத்தநாகத்தின் பயன் அடுத்த போகங்களுக்கும் எஞ்சியிருக்கும். “இப்போதைக்கு வேண்டாம், மண் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்வோம்” என்பவனே தேறினான். விற்காமல் விடத் தெரிந்தவன் சொல்லைத்தான் ஊர் அடுத்த முறை கேட்கும்.

இலக்கு எங்கிருந்து வருகிறது?

இனி இலக்குக்கு வருவோம். இலக்கைக் கம்பெனியின் கடிதத்திலிருந்து எடுக்கக் கூடாது. வயலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அலுவலரிடமும் கேட்டு உண்மை எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

மேக்கரை, வடகரை, பண்பொழி, அச்சன்புதூர் வட்டாரத்தில் நிறுவனத்தின் எல்லைக்குள் கார் நெல் 3,000 ஏக்கர் என்று கொள்வோம். மண் பரிசோதனை அட்டைகளைப் பார்த்ததில் பாதி வயலில் துத்தநாகம் குறைவு என்று தெரிந்தால், தேவையுள்ளது 1,500 ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்கு சென்ற ஆண்டே ஜிங்க் இட்டது. மீதி 1,000 ஏக்கர். ஏக்கருக்குப் பத்துக் கிலோ வீதம் மொத்தத் தேவை 10 டன்.

இந்தப் பத்து டன்னைத்தான் கம்பெனிக்காரர் உங்கள் முன் வைப்பார். ஆனால் கூட்டுறவுச் சங்கமும், வேளாண்மை விரிவாக்க மையமும், பழைய கடைகளும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கின்றன. முதல் போகத்தில் புதியவரை நான்கில் ஒருவர் நம்பி வாங்கினால் அதுவே பெரிது. ஆகவே 250 ஏக்கர், இரண்டரை டன், பத்துக் கிலோப் பையில் 250 பை. இதுவே நியாயமான இலக்கு.

இந்த எண்ணை மறுபக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்க்க வேண்டும். நான்கு பேர் 250 ஏக்கரை எட்டுவதானால் ஒருவருக்கு ஏறக்குறைய 63 ஏக்கர். ஓர் உழவருக்குச் சராசரி ஒன்றரை ஏக்கர் என்றால் 42 உழவர் வாங்க வேண்டும். பார்த்த மூவரில் ஒருவர் வாங்குவார் என்றால் 126 பேரைப் பார்க்க வேண்டும். ஒருவரை இரண்டு முறை என்றால் 252 சந்திப்பு. ஆறு வாரத்தில் 36 வேலை நாள். ஒரு நாளைக்கு ஏழு சந்திப்பு. இது ஒரு மனிதனால் ஆகக்கூடிய வேலை. கம்பெனி கேட்கும் பத்து டன்னுக்கு இதே கணக்கைப் போட்டால் நாளைக்கு 28 சந்திப்பு ஆகிறது. எவராலும் அது முடியாது. முடியாத இலக்கைப் பெற்றவன் என்ன செய்வான்? நான் செய்ததையே செய்வான். கடையில் இறக்கிவிட்டுக் கணக்கை முடிப்பான்.

மூன்று மாதத்தைச் சமமாகப் பங்கிடலாகாது

250 பையை மூன்றால் வகுத்து மாதத்துக்கு 83 என்று எழுதுவது எளிது. ஆனால் நெல் அப்படி வளர்வதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்து, மேக்கரையில் அடவிநயினார் அணைக்கு நீர் வந்து, கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் இப்பகுதியில் தொழி உழவு. ஜிங்க் தேவைப்படுவது அந்தத் தொழி உழவுக்கும் நடவுக்கும் இடைப்பட்ட சில நாட்களில் மட்டுமே.

கம்பெனிகளின் காலாண்டோ ஜூன் 30-ஆம் தேதி முடிகிறது. பருவமழை பிந்தி, நடவு ஜூலைக்குத் தள்ளிப்போனால், கம்பெனியின் கணக்கில் அந்தக் காலாண்டு தோல்வி. வயலிலோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியில்தான் கடைகளில் மூட்டை இறக்கும் வழக்கம் பிறக்கிறது. எனவே நம் நிறுவனம் தன் முதல் மூன்று மாதத்தை மே, ஜூன், ஜூலை என்று வகுத்துக்கொண்டு, விற்பனை வாரங்களைக் கால்வாயில் தண்ணீர் விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். தண்ணீர் பத்து நாள் பிந்தினால் இலக்கும் பத்து நாள் நகரும்.

மே மாதத்தின் இலக்கு விற்பனையன்று, பெயர்ப் பட்டியல். ஒவ்வொருவரும் 126 உழவரின் பெயர், நிலத்தின் பரப்பு, எந்தக் கால்வாய், கடைசியாக எப்போது ஜிங்க் இட்டார் என்னும் நான்கையும் எழுதிக் கொண்டுவர வேண்டும். பகுதிகளை ஊர்வாரியாகப் பிரிப்பதைவிடக் கால்வாய்வாரியாகப் பிரிப்பது நலம். ஒரு கால்வாயில் உள்ளவர்கள் ஏறக்குறைய ஒரே நாட்களில் நடுவார்கள். ஆகவே ஒரே நடையில் பலரைப் பார்க்கலாம்.

தண்ணீர் விட்ட பிறகு ஆறு வாரத்துக்கு 25, 60, 80, 50, 25, 10 பைகள் என்று வாரந்தோறும் இலக்கு வைக்கலாம். மொத்தம் 250. கடைசி இரண்டு வாரத்தில் எண் இறங்குவதைப் பாருங்கள். நடவு முடிந்த வயலில் பைகளுக்கு வேலையில்லை. தெளிப்பதற்குக் கிலோக் கணக்கில் மட்டுமே தேவைப்படும். அதன் பின் எஞ்சும் ஜூலை நாட்களில் வேலை வேறு: வாங்கியவர்களின் வயலைப் போய்ப் பார்ப்பது, குறை கண்டால் தெளிக்கச் சொல்வது, பாக்கியை வசூலிப்பது.

தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பன்னிரண்டு சில்லறைக் கடைகளுக்கு நம் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 பையையும் முதல் நாளே பங்கிட்டு, கடைக்கு 20, 21 என்று இறக்கிவிடலாகாது. முதலில் கடைக்கு எட்டு பை போதும். வாரந்தோறும் இளைஞன் போய் மீதியை எண்ணி, விற்ற அளவுக்கு மட்டும் நிரப்ப வேண்டும். முந்தின இருப்பு, வந்த சரக்கு, இப்போதைய இருப்பு என்னும் மூன்றையும் எழுதினால், உண்மையாக விற்றது தானே தெரியும். எட்டு இறக்கிய கடையில் ஒரு வாரம் கழித்து ஆறு இருந்தால் விற்பனை இரண்டே, எட்டு அன்று.

மூன்றாம் வாரம் முடியும்போது 165 பை விற்றிருக்க வேண்டும். 90 தான் விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இளைஞர்களைக் கடிந்துகொள்வது வழக்கம். அதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நடவு எவ்வளவு முடிந்தது? மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது என்றால் குற்றம் எவர் மீதும் இல்லை, காத்திருக்க வேண்டியதே. நடவு நடந்திருக்கிறது, ஆனால் நாளைக்கு ஏழு சந்திப்புக்குப் பதில் மூன்றுதான் நடந்தது என்றால், குறை உழைப்பில். ஊர் எல்லையைக் குறைத்தோ மிதிவண்டிக்குப் பதில் மோட்டார் சைக்கிள் கொடுத்தோ சரிசெய்யலாம். நடவும் உண்டு, சந்திப்பும் உண்டு, ஆயினும் மூவரில் ஒருவருக்குப் பதில் பத்தில் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால், குறை பயிற்சியில். உழவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டுவர வேண்டும். “சரக்கு உண்மையானதா என்று எப்படித் தெரியும்?” என்பதே பதிலானால், அந்த இளைஞன் தம்ளர் சோதனையைச் செய்து காட்டவில்லை என்று பொருள். மூன்று நோய்க்கும் மருந்து வெவ்வேறு. விற்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவடைக்குப் பிறகு பணம் தருவது இங்கே பழைய வழக்கம். அதை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆனால் புதிய நிறுவனத்தின் கைம்முதல் சிறியது. முதல் போகத்திலேயே சரக்கு முழுவதும் கடனில் போனால், பிசானத்துக்குச் சரக்கு வாங்கப் பணம் இராது. ஆகவே கடனுக்கு ஒரு வரம்பைக் கட்டி, அதைக் கடக்கும்போது இளைஞன் தானே முடிவு செய்யாமல் நிறுவனத்தின் இயக்குநர்களைக் கேட்கும்படி வைக்க வேண்டும். ஊக்கத்தொகையும் இதற்கு இசைய அமைய வேண்டும். கடைக்கு அனுப்பிய பைக்கு ஊக்கத்தொகை கூடாது. உழவர் பெயரில் ரசீது எழுதிய பைக்கே தர வேண்டும். அதிலும் பாதியை நிறுத்திவைத்து, திரும்பி வந்த சரக்கையும் வராத பாக்கியையும் பார்த்த பிறகு ஜூலை முடிவில் கொடுப்பது நல்லது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

மன்ற உறுப்பினர்களாகிய நீங்கள் விற்பனையில் தலையிட வேண்டியதில்லை. ஆனால் சில காரியங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உரம் விற்பவர் அதற்குரிய அநுமதி பெற்றிருக்க வேண்டும். கையிருப்பையும் விலையையும் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதிவைக்க வேண்டும். விற்ற ஒவ்வொன்றுக்கும் ரசீது தர வேண்டும். தயாரிப்பாளர் அல்லது மொத்த வியாபாரி தரும் ‘ஓ’ படிவம், சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சான்று. புதிய விநியோகஸ்தரிடம் இவை இருக்கின்றனவா என்று முதல் மாதமே பாருங்கள். நம் நிறுவனந்தானே என்று விட்டுவிடாதீர்கள்; நம்முடையது என்பதனாலேயே முதலில் பார்க்க வேண்டும்.

ஜூலை முடிவில் நிறுவனம் உங்கள் முன் ஒரு கணக்கு வைக்கும். அதில் எத்தனை டன் விற்றது என்பதை முதலில் படிக்காதீர்கள். எத்தனை பை உழவர் ரசீதில் ஏறியது, எத்தனை பை கடைகளில் தங்கியது, எத்தனை உழவரிடம் “இவ்வாண்டு உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லப்பட்டது என்னும் மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்ல அந்த இளைஞர்களால் முடிந்தால், பிசானத்துக்கு அவர்கள் வரும்போது உங்கள் வாசலில் அவர்களை உட்காரச் சொல்லலாம்.